பாதிச் சம்பளத்தில் ஒரு வாரம்

“அப்ப நான்தான் எடுத்தேன்னு முடிவு பண்ணிட்டீங்களா தங்கச்சி?”

அன்றைக்கு இந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கேட்டவர் சிங்கப்பூரில் எங்கள் கிடங்கின் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர். ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை என்று அவராகவே வைத்துக்கொண்டது. தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொண்டுவந்து மனிதவளப் பிரிவு மேசையில் வைத்துவிட்டுப் போவார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் என் மேலாளரும், நடுவில் நான் தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கக் கடிதம். மேலாளர் சீனர். அறையில் நடந்தது முழுக்க ஆங்கிலம், அண்ணன் என் பக்கம் திரும்பி “இது என்ன சொல்லுது, தமிழில சொல்லும்மா” என்று கேட்கும் வரைக்கும்.

அந்தக் கடிதத்தை நான் ரொம்பப் பெருமையோடு எழுதியிருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து இடைநிறுத்தும் கடிதம். யாரையும் குற்றவாளி என்று சொல்லாத, ஒரு பக்கமும் சாயாத கடிதம் என்று நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லத் தொடங்கிய இரண்டாவது வாக்கியத்திலேயே நடுநிலை போய்விட்டது. இதைப் பல மாதமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மாதக் கடைசிச் சரக்கு எண்ணிக்கையில் குழந்தைகளுக்கான பால்மாவு 18 அட்டைப்பெட்டி குறைந்தது. பால்மாவு என்றால் கிடங்குக்காரர்களுக்கு உடனே காது நிமிரும். விலை அதிகம், வெளியே விற்பதும் சுலபம், அதனாலேயே எங்களிடம் அதைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருப்போம். ஸ்கேனர் பதிவைப் பார்த்தால், இரவு 11.40 மணிக்கு அந்த 18 பெட்டியும் கூண்டிலிருந்து வெளியே போனதாக ஒரு வரி. அண்ணனுடைய பயனர் பெயரில். அதற்கு ஈடாக அனுப்புச் சீட்டு எதுவும் இல்லை. காலையில் ஷிப்ட் மேலாளர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மத்தியானம் என் மேலாளர் வந்து, “சஸ்பென்ஷன் லெட்டர், அஞ்சு மணிக்குள்ள” என்றார்.

ஒரே சொல், இரண்டு வேலை

எல்லா அலுவலகத்திலும் இருப்பதுபோல எங்களிடமும் ஒரு பழைய மாதிரிக் கடிதம் இருந்தது. திறந்து பார்த்தேன். “சம்பளமின்றி ஒரு வாரம் இடைநீக்கம் செய்யப்படுகிறீர்கள்” என்று இருந்தது. யாரோ எப்போதோ எதற்கோ எழுதியது. அப்படியே பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பியிருந்தால் சட்டத்தை மீறியிருப்போம், யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

காரணம் இது. வேலை நியமனச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் இடைநீக்கம் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று தண்டனை. முறையாக விசாரித்து, தவறு செய்தார் என்று முடிவான பிறகு, வேலையைவிட்டு அனுப்புவதற்குப் பதிலாகப் பதவியைக் குறைக்கலாம், அல்லது ஒரு வாரத்துக்கு மிகாமல் சம்பளம் இல்லாமல் நிறுத்தி வைக்கலாம். இன்னொன்று தண்டனையே இல்லை. விசாரணை நடத்துவதற்காக ஆளைக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கச் சொல்வது. இதற்கும் ஒரு வாரம்தான் வரம்பு, அதற்கு மேல் வேண்டுமென்றால் மனிதவள அமைச்சில் தொழிலாளர் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். தவறு எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், பிடித்து வைத்த மீதியை உடனே முழுசாகத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டுக்கும் பெயர் ஒன்று, கால அளவும் ஒன்று. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. எங்கள் பழைய மாதிரி முதல் வகை, எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. கடிதத்தைப் பார்த்து எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி சம்பள வரிதான். “சம்பளமின்றி” என்று இருந்தால் அது தண்டனைக் கடிதம். விசாரணை தொடங்கும் முன்பே அப்படி ஒன்று கைக்கு வந்தால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

அண்ணனுக்கு வேறு ஒரு குழப்பம் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய சித்தப்பா ஊரில் அரசு வேலையில் இருந்தவர். சஸ்பெண்ட் ஆகி வருடக்கணக்கில் பிழைப்பூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாராம், வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று சான்று எழுதிக் கொடுத்துக்கொண்டு. இந்தியத் தொழிற்சாலைகளில் முதல் 90 நாளுக்குப் பாதி, தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் அதற்குப் பிறகு 75 விழுக்காடு என்று சட்டமே நீண்ட காலத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ‘சஸ்பெண்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் மனதில் விரிந்தது அந்தச் சித்தப்பாவின் திண்ணை. நானோ ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முப்பத்து நான்கு வெள்ளி

பணக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே முதலில் தப்பாகப் போட்டேன். அண்ணனுக்கு அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி. மேற்பார்வையாளர் படி 300. போக்குவரத்துப் படி 120. அந்த மாதம் 22 வேலை நாள். கடிதம் செவ்வாய்க்கிழமையிலிருந்து அடுத்த திங்கள்கிழமை வரை, ஏழு நாள். அதில் அவருக்கு வேலை நாள் ஐந்து.

நான் எழுதிய முதல் வரைவில் “அடிப்படைச் சம்பளத்தில் பாதி” என்று இருந்தது. கையோடு வந்த பழக்கம், வேறொன்றும் இல்லை. ஆனால் சட்டம் சொல்வது சம்பளத்தில் பாதி. சட்டத்தின் பொருளில் சம்பளம் என்றால் செய்த வேலைக்காகத் தரும் படிகளும் அதற்குள் அடங்கும், போக்குவரத்துப் படி அடங்காது. ஆக மேற்பார்வையாளர் படியைச் சேர்க்க வேண்டும். 3,300ஐ 22ஆல் வகுத்தால் நாளுக்கு 150. ஐந்து நாளுக்கு 750. பாதி 375. நான் முதலில் போட்டபடி அடிப்படையை மட்டும் எடுத்திருந்தால் 340 வெள்ளி 91 காசு. வித்தியாசம் 34 வெள்ளி 9 காசு.

முப்பத்து நான்கு வெள்ளிதானே என்று என் மேலாளரும் சொன்னார். குறைந்தபட்சம் பாதி என்பதற்குக் கீழே ஒரு வெள்ளி போனாலும் போனதுதான் என்பது ஒரு பக்கம். எனக்கு உறுத்தியது வேறு. படியை எடுத்துவிட்டால், அந்த ஆளை மேற்பார்வையாளர் இல்லை என்று நாம் ஏற்கெனவே நினைத்துவிட்டோம் என்பதை எண்ணில் எழுதிவிடுகிறோம். கடிதத்தின் வார்த்தையெல்லாம் சாயாமல் நின்று, சம்பளச் சீட்டில் மட்டும் பதவி இறங்கியிருந்தால் ஆள் எதை நம்புவார்? போக்குவரத்துப் படியைப் பிடிக்கலாமா என்றும் பேச்சு வந்தது. ஐந்து நாள் அவர் பேருந்து ஏறவில்லைதான். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அது மாதத்துக்கு ஒரு தொகை, மருத்துவ விடுப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் பிடித்ததே இல்லை. இவருக்கு மட்டும் ஏன்? விட்டுவிட்டோம்.

கடைசியில் சம்பளப் பத்தி இப்படி நின்றது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, அதில் எத்தனை வேலை நாள், எந்தத் தொகையில் பாதி, வெள்ளியில் எவ்வளவு, எந்தச் சம்பள நாளில் வரும், மத்திய சேமநிதி அந்தத் தொகைக்கேற்பக் கட்டப்படும், தவறு இல்லை என்றானால் பிடித்த 375 வெள்ளி திருப்பித் தரப்படும். அந்தக் கடைசி வரியை எழுத மேலாளருக்கு விருப்பமில்லை. “அதை இப்பவே ஏன் சொல்லணும், அவரே எதிர்பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார்” என்றார். எதிர்பார்க்கட்டும், எதிர்பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது என்றேன். என் வேலைக்காலத்தில் நான் ஜெயித்த சொற்பமான வாக்குவாதங்களில் அது ஒன்று.

அறையில்

இவ்வளவும் பார்த்துப் பார்த்து எழுதிய கடிதம்தான் மேசையில் இருந்தது. “திருட்டு” என்ற சொல் எங்கும் இல்லை. “இன்ன தேதி, இன்ன நேரம், 18 பெட்டி வெளியே சென்றதாக உங்கள் பயனர் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது, அதற்கு அனுப்புச் சீட்டு கிடைக்கவில்லை, இதுபற்றி விசாரிக்க வேண்டியுள்ளது” என்று, தெரிந்ததை மட்டும் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில்.

அதைத் தமிழில் சொல்லச் சொன்னதும் என் வாயிலிருந்து வந்தது என்ன? “உங்க மேல ஒரு குற்றச்சாட்டு வந்திருக்கு அண்ணே. விசாரணை முடியற வரைக்கும் உங்கள வேலையிலிருந்து இடைநீக்கம் பண்றாங்க.”

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. குற்றச்சாட்டு என்ற சொல்லில் முதலில் நிற்பதே குற்றம். இடைநீக்கம் என்றால் கடைசியில் நிற்பது நீக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் அவனுக்குக் கேட்பது, குற்றம் செய்தாய், நீக்கிவிட்டோம். செய்தித்தாளில் இந்தச் சொற்களைத் தினமும் படிக்கிறோம், தேய்ந்துபோய் வலிக்காமல் போய்விட்டன. நேருக்கு நேர் ஒருவரிடம் சொல்லும்போது அவற்றுக்குத் திரும்பவும் பல் முளைத்துவிடுகிறது. அவர் கேட்டார், “அப்ப நான்தான் எடுத்தேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?” நான் “இல்லண்ணே, ச்சே, அப்படியெல்லாம் இல்ல” என்று ஏதோ உளறினேன். மேலாளர் என்ன நடக்கிறது என்று புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, நுழைவு அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்குப் பேசினார். கதவு சாத்தவில்லை. “வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க” என்றது கேட்டது.

பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே. மின்தூக்கி வருவதற்குள் அவரை நிறுத்தி, கீழே கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு தே வாங்கிக் கொடுத்து, கடிதத்தின் பின்பக்கத்திலேயே தமிழில் எழுதினேன். மனிதவளப் பிரிவில் இருப்பவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், கூடாதுதான். அறையில், மேலாளர் முன்னால், இன்னொரு தாளில் செய்திருக்க வேண்டியது அது. எழுதியது ஏறக்குறைய இது:

“பால்மாவுக் கணக்கில் 18 பெட்டி இடிக்கிறது. உங்கள் பெயரில் ஒரு ஸ்கேன் பதிவு இருக்கிறது. யார் செய்தது, என்ன நடந்தது என்று கம்பெனிக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகச் செவ்வாய் முதல் திங்கள்வரை உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்கிறார்கள். உங்கள் வேலை உங்களுக்கே இருக்கிறது. இது தண்டனை இல்லை. இந்த நாட்களுக்கு 375 வெள்ளி வரும். உங்கள் மேல் தவறில்லை என்றால் மீதி 375ம் வரும். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் பக்கத்தைச் சொல்ல வர வேண்டும்.”

குற்றம், நீக்கம் இரண்டும் இல்லாமலே விஷயத்தைச் சொல்ல முடிந்தது. ‘தெரியாது’ என்ற சொல்தான் அதில் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ஆங்கிலக் கடிதத்தில் நான் அதை எங்கேயுமே எழுதவில்லை. அலுவலகங்களுக்குத் தெரியாது என்று எழுதப் பிடிக்காது. ஒரு பக்கமும் சாயவில்லை என்று காட்ட நானும் வார்த்தைகளை இழைத்து இழைத்து வைத்திருந்தேனே தவிர, எங்களுக்கு இன்னும் தெரியாது என்று ஒரு வரி போடத் தோன்றவில்லை.

வாயைக் கட்டும் வரிகள்

அண்ணன் தேயைக் குடித்துக்கொண்டே அடுத்த பத்தியைக் காட்டினார். “இது என்ன, யார்கூடவும் பேசக் கூடாதா? என் மச்சான் இங்கதானே பேக்கிங்ல இருக்கான். ஒரே வீடு. சாப்பாடு போடும்போது வாயை மூடிட்டு இருக்கணுமா?”

கட்டுப்பாடுகள் பகுதி. பழைய மாதிரியில் “நிறுவனத்தின் எந்த ஊழியரையும் தொடர்புகொள்ளக் கூடாது” என்று இருந்ததை நான் அப்படியே விட்டிருந்தேன். சம்பள வரியில் காட்டிய அக்கறையை இங்கே காட்டவில்லை. வளாகத்துக்குள் அழைக்காமல் வரக் கூடாது, அட்டையையும் அலுவலகக் கைப்பேசியையும் ஒப்படைக்க வேண்டும், அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கிடைக்க வேண்டும், சொந்தக் கைப்பேசியில் உள்ள வேலை சம்பந்தமான செய்திகளை அழிக்கக் கூடாது. இதெல்லாம் சரி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிடலாம். அவருடைய குழுவில் இருப்பவர்கள்தான் சாட்சிகள், அவர் முன்னால் நின்றால் பேசத் தயங்குவார்கள், அதனால்தான் ஒதுங்கி இருக்கச் சொல்வதே. ஆனால் எவரோடும் எதுவும் பேசாதே என்பது அந்தக் காரணத்தைத் தாண்டிப்போகிறது. தேவைப்பட்டது, இந்தச் சரக்கு விஷயத்தைப் பற்றி இரவு ஷிப்ட் ஆட்களிடம் பேச வேண்டாம் என்பது மட்டும். மச்சானோடு குழம்பில் உப்புப் பற்றிப் பேசலாம். தொழிற்சங்கத்திடம் போகலாம், மனிதவள அமைச்சிடம் கேட்கலாம், வழக்கறிஞரைப் பார்க்கலாம், மனைவியிடம் சொல்லலாம். இதையெல்லாம் தனியாக ஒரு வரியில் எழுதாவிட்டால், பயந்த ஆள் யாரிடமும் போகமாட்டார்.

அதைவிட முக்கியமான ஓட்டை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்கிறோம். அவர் பக்கத்துக்கான ஆதாரமெல்லாம் எங்கே இருக்கிறது? கிடங்குக்குள்ளே. உள்ளே வரக் கூடாது, கைப்பேசி இல்லை, சக ஊழியரிடம் கேட்கக் கூடாது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீச்சல் அடி என்பது போலத்தான். அன்று சாயங்காலமே மேலாளரிடம் பேசி, கடிதத்தைத் திருத்தி மறுபடி கொடுத்தோம். சேர்த்தது ஒரே ஒரு பத்தி. என்னென்ன ஆவணம் வேண்டும், யாரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று என்னிடம் கேட்கலாம், நான் எடுத்துத் தருவேன் என்று. எண்ணோடு.

வியாழக்கிழமை காலை அழைத்தார். “தங்கச்சி, ஸ்கேனர் ரிப்பேர் புத்தகமும் அன்னைக்கு ட்யூட்டி பட்டியலும் வேணும். லாரி நிக்கிற நாலாவது பே கேமராவும்.” சட்டென்று அந்தக் கேமராவின் பதிவை எடுத்து வைத்தோம். எங்கள் கேமராப் பதிவு பதினான்கு நாளில் தானாக அழிந்துவிடும், அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். அவரைத் தடுக்கும் வரிகளை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அது போயிருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, எந்தக் கடிதத்தாலும் சரிசெய்ய முடியாதது. கடிதம் கொடுத்த அன்று இரவே ஷிப்ட் மேலாளர் அவரை வேலைக் குழு வாட்ஸாப்பிலிருந்து நீக்கிவிட்டார். யாரும் சொல்லி அல்ல, ஒரு முன்னெச்சரிக்கையாம். நாற்பது பேர் திரையிலும் இன்னார் இன்னாரை நீக்கினார் என்று வந்தது. ரகசியம் காக்க வேண்டும் என்று அண்ணனுக்கு நான்கு வரி எழுதியிருந்தோம். எங்களுக்கு நாங்கள் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. நான் முதலில் செய்திருக்க வேண்டியது, ஷிப்ட் மேலாளரிடம் உட்கார்ந்து, ‘அவர் இந்த வாரம் பணியில் இல்லை’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள், செய்யாதீர்கள் என்று எழுத்தில் கொடுத்திருப்பது.

வெள்ளி, திங்கள்

விசாரணையை வேறு கிளையின் கணக்குப் பிரிவுத் தலைவர் நடத்தினார். விசாரிப்பவர் ஒரு பக்கம் சார்ந்தவர் என்று தோன்றவே கூடாது, புகார் எழுதியவரே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது குறைந்தபட்ச முறை. அண்ணன் அதிகம் பேசவில்லை. ரிப்பேர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்த வாரம் இரண்டு ஸ்கேனர் பழுது. மீதியிருந்த ஒன்றை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள், ஷிப்ட் தொடக்கத்தில் அவர் உள்நுழைந்தது அப்படியே இருந்தது. 11.40க்கு அவர் நாலாவது பேயில் லாரிக்காரரோடு நிற்பது கேமராவில் தெரிந்தது, கையில் பலகையும் பேனாவும். ஸ்கேனர் இல்லை.

அப்போ பெட்டிகள்? ட்யூட்டி பட்டியலை வைத்து அந்த நேரத்தில் கூண்டில் யார் என்று பார்த்தால், வந்து மூன்று வாரமே ஆன ஒரு பையன். உட்லண்ட்ஸ் கடை ஒன்றுக்குப் போக வேண்டிய 18 பெட்டியை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்று தெரியாமல் இன்னொரு 18ஐ ஏற்றியிருக்கிறான். கடையில் வாங்கிக்கொண்டவர் எண்ணாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும் பின்னறையில் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார்கள். பதினெட்டும், பிரிக்காமல். புகார் வந்த அன்றே அந்த அழைப்பைச் செய்திருந்தால் இடைநிறுத்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. இதை என் அறிக்கையில் எழுதினேன், மேலாளர் அந்த வரியை எடுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மீதி 375 வெள்ளியை அடுத்த மாதச் சம்பளத்தோடு போடலாம் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். உடனே என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன். புதன்கிழமை போட்டார்கள்.

முடிவுக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அனுபவப்பட்டுவிட்டேன் என்ற நினைப்பில், விசாரணையில் தவறான நடத்தை எதுவும் தெரியவில்லை, செவ்வாய் முதல் அதே பதவி, அதே சம்பளம், இந்த இடைநிறுத்தம் உங்கள் பணிப் பதிவேட்டில் பாதகமாகக் கருதப்படாது என்று எல்லாம் எழுதி, கூடவே தமிழிலும் ஒரு தாள் கொடுத்தேன். செவ்வாய் காலை அண்ணன் அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை. அப்புறம் கேட்டார், “இதை குரூப்ல போடலாமா?”

முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த விஷயம் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசக் கூடாது என்று இருந்தது. எதுவரைக்கும் என்று இல்லை. முடிவுக் கடிதத்தில், அந்தக் கட்டுப்பாடுகள் இன்றோடு முடிந்தன என்று நான் எழுதவில்லை. தவறு இல்லை என்று தெரிந்த பிறகும், தன் மேல் தவறில்லை என்று சொல்ல முடியாத நிலையில் அவரை நிறுத்தி வைத்திருந்தேன்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு வரியில் இன்னொரு கடிதம் தட்டச்சு செய்தேன். மேலாளர் என்ன என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஷிப்ட் மேலாளரைக் கூப்பிட்டு, அவரை மறுபடியும் குழுவில் சேர்க்கச் சொன்னேன். அன்று மத்தியானம் அண்ணன் முடிவுக் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டார், மேலே எதுவும் எழுதாமல். அந்தப் புதுப் பையன் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டான். மற்றவர்கள் பார்த்தார்கள்.